இருட்டில் உடல் கடிகாரம் நின்றுவிடாது

“காசிமேட்டில் இரவு வேலை பார்ப்போர் கவனத்திற்கு: உடல் கடிகாரத்தை ஓட்டுவது வெயில்தான். வெயில் படாவிட்டால் நின்றுவிடும்.”

இப்படி ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு. வெயில் அதன் நேரத்தைத் திருத்துகிறது, அவ்வளவுதான். ஓட்டம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பழ ஈயைப் பாருங்கள். பீரியட் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து பெர் புரதம். அது உட்கருவுக்குள் நுழைந்து தன் மரபணுவையே அடக்குகிறது. உடனுக்குடன் அடக்கினால் புரதத்தின் அளவு ஓரிடத்தில் நிலைத்துவிடும். ஆனால் ஆர்.என்.ஏ. உச்சம் தொட்டுச் சில மணி நேரம் கழித்தே புரதம் உச்சம் தொடுகிறது. இந்தத் தாமதம்தான் முக்கியம்! அதற்குள் புரதம் மிதமிஞ்சிச் சேர்ந்துவிடுகிறது. அது சிதைந்த பிறகே மரபணு மீண்டும் விழிக்கிறது.

1971இல் வெளியான ஆய்வில், இந்த மரபணு மாறிய ஈக்கள் இருட்டிலும், வழக்கமான சுமார் 24 மணி நேரத்துக்குப் பதிலாக, 19 அல்லது 28 மணி நேரச் சுற்றில் இயங்கின. nobelprize.org தளத்தில் 2017 மருத்துவப் பரிசு விளக்கத்தைப் படியுங்கள். இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.