எத்தனை நாள் வேலை என்று சொல்லாத பேச்சு

முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் நம் அண்டி ஆபீஸ் முதலாளி தொழிலாளர்களைக் கூட்டி வைத்துப் பேசிய வீடியோ இந்நேரம் எல்லோருக்கும் வந்திருக்கும். கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் நேற்று முழுவதும் அதுதான் ஓடியது. கீழே கைதட்டும் படங்களையும் கும்பிடும் படங்களையும் பார்த்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. முழுப் பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அதில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்ற ஒரு வரி இல்லை.

நல்ல மனிதர்தான். ஒரு கொட்டகையில் தொடங்கி இத்தனை பெண்களுக்கு வேலை கொடுத்தவர். “மக்களே” என்று அவர் கூப்பிடுவதிலும் பொய் இல்லை. கடந்த ஆண்டு நட்டம் என்று சொன்னதையும் நம்புகிறேன். சீசனில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை அண்டியைக் கூடிய விலைக்கு வாங்கினார். கப்பல் தூத்துக்குடிக்கு வந்து சேர்வதற்குள் பருப்பு விலை இறங்கிவிட்டது. போதாததற்குச் சரக்கும் மோசம். 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு, அதாவது 22 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பருப்பு வரும் என்று கணக்குப் போட்டு வாங்கியதில் 45 பவுண்டுதான் தேறியதாம். ஆயிரம் மூட்டை உடைத்தால் 1,360 கிலோ பருப்பு காணாமல் போகிறது. அவ்வளவும் கடன் வாங்கிப் போட்ட பணம். இதையெல்லாம் மறைக்காமல் சொன்னதற்கு மரியாதை உண்டு.

ஆனால் அதற்குப் பிறகு சொன்ன புதிய திட்டத்தைக் கவனித்தீர்களா? இனி சீசனில் மொத்தமாக வாங்கிக் குடோனை நிரப்ப மாட்டார். பருப்புக்கு ஆர்டர் வந்த பிறகு, அந்த அளவுக்கு மட்டும் சின்னச் சின்ன லாட்டாக வாங்குவார். கொஞ்சம் பருப்பை வறுத்து, சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்பார். வியாபாரமாகப் பார்த்தால் இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். விலை இறங்கும்போது குடோனில் கிடக்கும் ஒவ்வொரு மூட்டையும் நட்டம். மூட்டையே இல்லை என்றால் நட்டமும் இல்லை.

அப்படியானால் அந்த நட்டம் எங்கே போகிறது? குடோன் நிறைந்திருந்தபோது விலை ஏறினாலும் இறங்கினாலும் பெண்களுக்கு வேலை இருந்தது. இனி இந்த லாட் முடிந்து அடுத்த லாட் வரும் வரை வேலை இல்லை. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு அண்டி இல்லாத நாள் கூலி இல்லாத நாள். இதுவரை முதலாளியின் குடோனில் இருந்த ஆபத்து இனி அந்தப் பெண்ணின் அடுக்களையில் இருக்கும். பேச்சில் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வாரம் எத்தனை நாள் வேலை?

கூலியோடு முடிந்தால்கூட நான் எழுதியிருக்க மாட்டேன். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம் என்று இரண்டு சந்தாக் காலங்கள். ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால்தான் நோய்வாய்ப்பட்டு வீட்டில் கிடக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரம் நான்கு நாள் வேலை என்றால் 104 நாள், பயமில்லை. மூன்று நாள் என்றால் சரியாக 78. அதில் ஒரு நாள் காய்ச்சலால் வேலைக்குப் போகாவிட்டால் 77. அவ்வளவுதான், பணம் இல்லை.

இதில் இன்னொரு கொடுமை, இது உடனே தெரியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செய்த வேலைக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்குத்தான். இந்த மழைக்காலத்தில் நாள் குறைந்தவள், அடுத்த பிப்ரவரியில் அறுவைச் சிகிச்சை முடிந்து சான்றிதழோடு போய் நிற்கும்போதுதான் தெரிந்துகொள்வாள்.

என் அம்மா அப்படித்தான் தெரிந்துகொண்டார். கர்ப்பப்பை எடுத்துவிட்டு, வயிற்றில் துணியைக் கட்டிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு வந்தார். “நாள் போதாது” என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. முந்தைய ஆண்டு ஆபீஸ் அடிக்கடி பூட்டிக் கிடந்தது. அப்போது யாரும் எங்களிடம் இந்த 78-ஐச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லீவு போட்ட சில நாட்களாவது போயிருப்பேனே மக்களே என்று வழி நெடுக அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். அதனால்தான் கேட்கிறேன், எத்தனை நாள்?

“ஆபீசையே மூடினால் என்ன செய்வாய்?” என்று குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கொல்லத்தில் எத்தனையோ ஆபீஸ்கள் மூடிக் கிடப்பது எனக்கும் தெரியும். வியட்நாமில் இயந்திரம் உடைக்கும் வேகத்துக்கு நம் பெண்களின் கை ஈடாகாது என்பதும், பெனின் நாடு 2024 ஏப்ரலிலிருந்து பச்சை அண்டி ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது என்பதும் தெரியும். திட்டத்தை மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மாற்றத்தின் கணக்கை அதைச் சுமக்கப் போகிறவர்களிடம் சொல்லுங்கள் என்கிறேன். “வெளியே இருந்து பேசுகிறாய்” என்று இன்னொருவர். அந்த ஆபீசில் கணக்கு எழுதியவள் நான். என் அம்மா தோல் உரித்த சம்பளத்தில் படித்தவள். இதற்கு மேல் உள்ளே வர எனக்கு இடம் இல்லை.

பேச்சின் கடைசிப் பகுதி இன்னும் வலித்தது. உடைசல் கூடிவிட்டது, முழுப்பருப்பு குறைந்துவிட்டது, எல்லோரும் கவனமாக வேலை செய்ய வேண்டும் என்றார். முழுப்பருப்பின் விலை உடைந்ததற்குக் கிடைக்காது, உண்மை. ஆனால் உடைசல் பெண்களின் கையில் மட்டுமா உண்டாகிறது? அண்டியை அளவு பிரிக்காமல் ஒன்றாக அவித்தால் சின்னது அதிகம் வெந்துவிடும், பெரியது வேகாது. அவித்ததை ஆறவிடாமல் தல்லி உடைத்தால் பருப்பு தோட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். பருப்பை உலர்த்தும் போர்மாவில் சூடு ஏறி, ஈரம் மூன்று சதவீதத்துக்கும் கீழே போய்விட்டால் பருப்பு நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். அந்தத் தட்டு உரிக்க வரும்போது, கத்தி முனை பட்டவுடன் பருப்பு இரண்டாகப் பிளப்பதை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தோல் நன்றாகக் கழன்றிருக்கும், பருப்பு பாளையாகக் கிடக்கும். போர்மாவின் சூட்டை வைப்பது அந்தப் பெண்கள் அல்ல. கெட்ட ஆண்டுக்குக் காரணம் சொல்லும் நேரத்தில் மட்டும் அவர்கள் பெயர் வந்ததே, திட்டம் போடும்போது ஏன் வரவில்லை? தோட்டு எண்ணெயில் விரல் நுனி கறுத்துப் போன பெண்கள் அவர் எதிரே வரிசையாக உட்கார்ந்து, தலையைக் குனிந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை எப்படித்தான் மகிழ்ச்சியாகப் பகிர்கிறீர்கள்?

முதலாளி இதைப் படித்தால், கோபம் வேண்டாம். இன்னொரு கூட்டம் போடக்கூட வேண்டாம். வருகைப் பதிவேடு உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. இந்தச் சந்தாக் காலத்தில் யாருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கிறது, 78-க்கு இன்னும் எத்தனை வேண்டும் என்று பெயர் வாரியாக எழுதி, வாசலில் எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த லாட் எப்போது வரும் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். அண்டி குறைவாக வரும் மாதத்தில், நாள் போதாதவர்களை முதலில் கூப்பிடுங்கள். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.