எட்டுப் பல்லுக்குப் பிறகு எண்ணிப் பயனில்லை
“கீழ்த்தாடையின் முன்பக்கம் பால்பல் விழுந்து எட்டுப் பல் முளைத்திருந்தால் ஆட்டுக்குச் சுமார் நான்கு வயது” என்பார்கள். சரி, ஆனால் அது குறைந்தபட்ச வயதுதான். எட்டும் முளைத்துவிட்டால் எண்ணிக்கை மாறாது, ஆறு வயது ஆட்டுக்கும் அதே எட்டு இருக்கும். போன வருடம் சந்தையில் பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு சினையாட்டை வாங்கினேன். வீட்டில் கீழுதட்டை இறக்கிப் பார்த்தால் பற்கள் மெலிந்து நீண்டு, இடையிடையே சந்து விழுந்திருந்தது. ஒன்று தொட்டாலே ஆடியது. குட்டி போட்டதும் சரியாக மேய முடியாமல் இளைத்துவிட்டது, பாலும் போதவில்லை. நான்கு வயதில் பற்கள் அகலமாக, நெருங்கி நிற்கும். அப்புறம், மண்ணும் முள்ளும் சேர்ந்த மேய்ச்சலில் பல் சீக்கிரம் தேயும், அதனால் தேய்மானத்தை வைத்து ஒரு வருடம் முன்னே பின்னேதான் சொல்ல முடியும். வளர்ப்புக்கு என்றால் இப்போது ஆறு பல்லுக்கு மேல் நான் வாங்குவதில்லை.