Fe₂(SO₄)₃: ரோமன் எண் எங்கிருந்து வருகிறது

"Fe₂(SO₄)₃-ல Fe-க்குக் கீழ 2 இருக்கு, அதனால அது இரும்பு(II) சல்ஃபேட்."

இல்லைங்க, அது இரும்பு(III) சல்ஃபேட். ரோமன் எண் அணுக்களின் எண்ணிக்கை அல்ல, ஒவ்வொரு இரும்பு அயனியின் மின்சுமை. சல்ஃபேட்டுக்கு எப்போதும் 2−. மூன்று சேர்ந்தால் 6−. இரண்டு இரும்பு அதை ஈடுகட்ட, ஒவ்வொன்றும் 3+ ஆக வேண்டும்.

சிலர் சொல்லும் 'சல்ஃபேட்டின் கீழெண்ணைத் தூக்கி இரும்புக்குப் போடு' குறுக்குவழி இங்கே பலிக்கிறது. FeSO₄-ல் காலை வாரிவிடும், இரும்பு(I) என்று வரும். அங்கே இருப்பது ஒரே சல்ஃபேட், 2−. ஆகவே இரும்பு(II), பள்ளி ஆய்வகத்தில் பார்க்கும் அந்த வெளிர்பச்சைப் படிக உப்பு.

சந்தேகமிருந்தால் Cu₂O-வைப் போட்டுப் பாருங்கள். ஆக்சைடு 2−, இரண்டு காப்பர் பகிர்ந்தால் 1+. பாட்டில் லேபிளிலும் காப்பர்(I) ஆக்சைடு என்றுதான் இருக்கும்.