6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுக்காதீர்கள்

அக்கா மகனுக்குச் சென்னையில் முதல் வேலை, வருடத்துக்கு 6 லட்சம் சிடிசி. "மாசம் அம்பதாயிரம் மாமா" என்று போனில் சொன்னான், அதை நம்பி 16,000 வாடகைக்கு வீடும் பேசி வைத்திருந்தான். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தை அனுப்பச் சொன்னேன். முதல் பக்கத்தில் இருக்கும் சிடிசி, அவனுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, சம்பளம் எவ்வளவு என்பது கடைசிப் பக்க அட்டவணையில்தான் இருக்கும்.

பேசிக் மாதம் 25,000. அதில் 12 சதவீதம் கம்பெனி கட்டும் பி.எஃப்., மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம், வருடத்துக்கு 14,430. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் வருடத்துக்கு 9,570. மூன்றும் சேர்ந்து 60,000 ஆகிறது, மிச்சம் 5,40,000, அதாவது பிடித்தத்துக்கு முந்தைய கிராஸ் மாதம் 45,000. அதில் அவன் பங்கு பி.எஃப். இன்னொரு 3,000 போனால் 42,000. சென்னையில் தொழில் வரி அரை வருடத்துக்கு 1,250, வருமான வரி புதிய முறையில் இந்தச் சம்பளத்துக்கு வராது. ஆக, ஐம்பதாயிரம் என்று நினைத்த இடத்தில் 41,800 பக்கம்தான் கையில் வரும்.

இந்த மூன்றையும் ஒரே மாதிரி பார்க்கக் கூடாது. பி.எஃப். இரண்டு பங்கும் அவன் பணம், வட்டியோடு அவன் கணக்கில்தான் இருக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை. இன்ஷூரன்ஸ், சரி, ஆஸ்பத்திரி என்று வந்தால் உதவும். ஆனால் கிராஜுவிட்டியைச் சம்பளக் கணக்கில் சேர்ப்பது சரியில்லை என்பேன். நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் முடிக்காமல் தானாக வேலையை விட்டால் அது கிடைக்காது. முதல் வேலையில் எத்தனை பேர் ஐந்து வருடம் இருக்கிறார்கள்? அதனால் இரண்டு ஆஃபரை ஒப்பிடும்போது முதலில் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று, பி.எஃப். முழு பேசிக்குக்கா, 15,000 உச்சவரம்புக்கா என்று ஹெச்.ஆரிடம் கேட்டே ஆக வேண்டும். உச்சவரம்பு என்றால் கம்பெனி பங்கு 1,800தான், மீதி 1,200 பெரும்பாலும் ஸ்பெஷல் அலவன்ஸில் சேரும், கிராஸ் 46,200 ஆகும், அவன் பங்கும் 1,800 ஆவதால் தொழில் வரிக்கு முன் 42,000க்குப் பதில் 44,400 வரும். அதே 6 லட்சம்தான், கையில் வருவதில் மட்டும் மாதம் 2,400 வித்தியாசம். மாதம் 2,400 கூடுதலாக வரும், ஆனால் பி.எஃப். சேமிப்பில் அதே 2,400 குறையும்.

சில ஆஃபர்களில் கம்பெனி பி.எஃப். பங்கையும் கிராஸுக்குள்ளேயே எழுதிவிட்டு, சம்பளச் சீட்டில் இரண்டு பங்கையும் பிடிப்பார்கள். அங்கே கிராஸைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

அவன் மெயிலில் கேட்டான், முழு பேசிக்குக்குத்தான் என்று பதில் வந்தது. இப்போது 12,000 வாடகைக்கு வீடு தேடுகிறான்.