"ஒரு செகண்டுதானே" என்று ஃபோனை எடுக்கும் புண்ணியவான்களுக்கு

படத்தில் நடுராத்திரி. இருட்டுக்குள் ஒருத்தன் ஒளிந்திருக்கிறான், அவன் அசைகிறானா என்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து, இரண்டு வரிசைக்கு முன்னால் ஒருவர் மடியில் பொழுது விடிகிறது! கேட்டால், "ஒரு செகண்டுதானே, மணி பார்த்தேன்."

உங்களுக்குத்தான் சாமி அது ஒரு செகண்ட். திரையின் பிரகாசத்தை நிட் என்ற அலகில் அளப்பார்கள். டிஜிட்டல் திரையரங்கில் திரையின் முழு வெள்ளைக்கே வைத்திருக்கும் அளவு 48 நிட்ஸ்தான். இருட்டுக் காட்சியில் திரையின் பெரும்பகுதி 1 நிட்டுக்கும் கீழே கிடக்கும். உங்கள் ஃபோனோ பாதி வெளிச்சத்திலேயே 100, 200 நிட்ஸ் கக்கும். அரங்கத்திலேயே பிரகாசமான பொருள் அப்போது திரை இல்லை, உங்கள் வாட்ஸ்அப். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் கலைகிறது. நீங்கள் அணைத்த பிறகும் நிழலுக்குள் இருப்பவன் பின்னால் இருப்பவர்களுக்கு உடனே தெரிய மாட்டான்.

"மடியில் மறைத்துத்தானே பார்த்தேன்" என்பது அடுத்த சமாதானம். யாரிடமிருந்து மறைத்தீர்கள்? இருக்கைகள் படிப்படியாக மேலே ஏறுகின்றன. பின்வரிசைக்காரர் உங்கள் தோளுக்கு மேலாகத்தான் திரையைப் பார்க்கிறார். உங்கள் மடி அவருக்குத் திரைக்குக் கீழே இன்னொரு திரை. தானியங்கி வெளிச்சத்தை நம்பாதீர்கள். பையிலிருந்து எடுத்ததும் அது குறையச் சில நொடி ஆகும், தொல்லையே அந்தச் சில நொடிதான்.

உள்ளே வரும் முன்பே வெளிச்சத்தைக் கையால் அடிமட்டத்துக்கு இறக்கி, சைலண்டில் போட்டு, பையில் வையுங்கள். வைப்ரேட்டில் போட்டுக் கப் வைக்கும் குழியில் செருகினால் அது வண்டு மாதிரி உறுமும். ஸ்மார்ட் வாட்ச் இன்னும் மோசம், பாப்கார்னுக்குக் கை தூக்கும்போதெல்லாம் எரியும். அதில் தியேட்டர் மோடு இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் கழற்றிவிடுங்கள். அவசர அழைப்பு வரலாம் என்றால் நடைபாதை ஓர இருக்கையை எடுங்கள். ஃபோன் சட்டைப்பையிலேயே அதிரட்டும், கதவைத் தாண்டிய பிறகு எடுத்துப் பாருங்கள்.

தாமதமாக வருபவர்களே, இருக்கை எண்ணை வெளியிலேயே பார்த்து மனதில் வையுங்கள். உள்ளே வந்ததும் கதவோரம் அரை நிமிடம் நில்லுங்கள், படி விளக்குகள் தானாகத் தெரியும். திரையில் பகல் வெளிச்சக் காட்சி வரும்போது குனிந்து போங்கள். டார்ச் தேவைப்பட்டால் விரலால் பாதி மூடித் தரையை நோக்கி மட்டும். வரிசை முழுக்க முகம் முகமாக அடித்துத் தேட நாங்கள் என்ன திருடர்களா?

அப்புறம், கதை முடிச்சைப் பக்கத்து ஆளுக்கு விளக்கும் வர்ணனையாளர்கள். அவரும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கிறார், விடுங்கள்.

இத்தனையும் மீறி முன்னால் வெளிச்சம் அடித்தால் கத்த வேண்டாம், கத்தினால் மிச்சக் காட்சியும் போய்விடும். லேசாகக் குனிந்து, "வெளிச்சம் கண்ணில் அடிக்குதுங்க, கொஞ்சம் அணைச்சிடுறீங்களா?" என்று ஒரே ஒரு முறை. கேட்காவிட்டால் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள்.