சுவர் என்ன சுவர் என்று பார்க்காமலே ஓட்டை போடும் புண்ணியவான்களே!

ஷெல்ஃப் வாங்கினால் கூடவே ஒரு சின்ன பாலித்தீன் பை வரும். அதில் நாலு சாம்பல் நிற பிளக், நாலு கருப்பு ஸ்க்ரூ. அந்தப் பையைப் போட்டு அனுப்பினவருக்கு உங்கள் வீட்டுச் சுவர் செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, ஜிப்சம் போர்டா, கான்கிரீட்டா என்று தெரியுமா? தெரியாது. மாட்ட வருகிறவரும் கேட்பதில்லை. டிரில்லை எடுக்கிறார், சுத்தியல் குறியில் வைக்கிறார், டர்ரென்று ஓட்டை, பிளக்கைத் தட்டி உள்ளே, ஸ்க்ரூ, காசு, கிளம்பிவிட்டார். மூன்று மாதம் கழித்து ராத்திரி ரெண்டு மணிக்குப் புத்தகமும் பூச்சுமாகத் தரையில் கிடக்கிறது. "சுவர் சரியில்லை சார்" என்று அதற்கு ஒரு தீர்ப்பு வேறு. சுவரில் ஒரு கோளாறும் இல்லை. காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுத்ததுதான் கோளாறு.

பிளக் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அதற்குப் பசை கிடையாது, மந்திரம் கிடையாது. ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து ஓட்டையின் பக்கங்களை நெருக்குகிறது. அந்த நெருக்கலில் வரும் உராய்வுதான் உங்கள் ஷெல்ஃபைத் தாங்குகிறது. அப்படியானால் நெருக்கினால் தாங்கிக்கொள்ளும் கெட்டியான பொருள் பிளக்கைச் சுற்றி இருக்க வேண்டும். கான்கிரீட்டில் இருக்கிறது. நல்ல செங்கல்லில் இருக்கிறது. ஹாலோ பிளாக்கின் நடுவே காற்றுதான் இருக்கிறது. காற்றை நெருக்கி என்ன பயன்?

என்ன சுவர் என்று கண்டுபிடிக்க எக்ஸ்ரே எல்லாம் வேண்டாம். ஓட்டை போடும்போது கீழே கொட்டும் தூளைப் பார்த்தால் போதும். முதல் 12, 15 மில்லிமீட்டர் பூச்சுள்ள எந்தச் சுவரிலும் சாம்பல் தூள்தான் வரும். அது சிமென்ட் பூச்சு, அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூளே தொடர்ந்து வந்து, இன்னும் மூன்று சென்டிமீட்டர் போனதும் பிட் 'பொத்' என்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். மாவு மாதிரி நைசான தூளாக வந்து, பிட் நகரவே அடம்பிடித்தால் கான்கிரீட். பூச்சே இல்லாமல் வெள்ளைத் தூளும் காகித நாரும் வந்து ஒரு சென்டிமீட்டர் சொச்சத்திலேயே பிட் உள்ளே போய்விட்டால் ஜிப்சம் போர்டு. அரை நிமிட வேலை. இதைக்கூடப் பார்க்காமல் ஓட்டை போடுகிறவரை என்னவென்று சொல்வது!

செங்கல் சுவரையே முதலில் எடுத்துக்கொள்வோம். இதில் பிளக் தப்பாவது குறைவு. நீளம்தான் தப்புகிறது. ஒன்றரை இன்ச் ஸ்க்ரூ என்றால் 38 மில்லிமீட்டர். பிராக்கெட் தகடு 3, பூச்சு 15 போனால் செங்கல்லுக்குள் மிஞ்சுவது வெறும் 20. ஷெல்ஃபின் பாரத்தில் பாதியைப் பூச்சு தலையில் கட்டியாகிவிட்டது. பூச்சு என்பது செங்கல்லின் மேல் அப்பிய ஒரு தோல். உள்ளே பிளக் விரிந்தால் அது வெடிக்கும். ஷெல்ஃப் விழும்போது ஸ்க்ரூவோடு சேர்ந்து தட்டு மாதிரி ஒரு வில்லை பெயர்ந்து வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

சரியான கணக்கு என்ன? 8 மில்லிமீட்டர் தடிமன், 40 நீளமுள்ள பிளக் முழுசும் செங்கல்லுக்குள் உட்கார வேண்டும். ஸ்க்ரூவின் நுனி பிளக்கின் கடைசியைத் தாண்டி ஒரு 5 மில்லிமீட்டர் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் பிளக் நுனிவரை விரியும். தகடு 3, பூச்சு 15, பிளக் 40, நுனி 5. மொத்தம் 63. அதாவது சரியாக இரண்டரை இன்ச். கடையில் "பத்தாம் நம்பர், ரெண்டரை இன்ச்" என்று கேளுங்கள், தடிமன் 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், 8 பிளக்குக்குப் பொருந்தும். ஓட்டை ஆழம் 70. பூச்சும் பிளக்கும் ஸ்க்ரூ நுனியும் 60, அடியில் தங்கும் தூளுக்கு 10. பிட்டில் 70-இல் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் அளவு தப்பாது. பிளக்கின் வாயில் காலர் இருந்தால் பூச்சுக்கு மேலேயே நின்றுவிடும். பிளேடால் அதைச் சீவிவிட்டு, ஸ்க்ரூவை நாலு சுற்று மாட்டி, ஸ்க்ரூ தலையில் தட்டி உள்ளே இறக்குங்கள். அப்புறம் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு பிராக்கெட்டை வைத்து முடுக்குங்கள்.

ஓட்டையில் இருக்கும் தூளை எடுக்காமலே பிளக்கைச் செருகுவது இன்னொரு கொடுமை. அந்தத் தூள் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே பவுடர் பூசினது மாதிரி உட்கார்ந்துகொள்ளும். உராய்வை நம்பி மாட்டுகிற இடத்தில் வழுக்கலைப் பூசுகிறோம்! சைக்கிள் பம்பால் நாலு தடவை காற்றடித்தால் முடிந்தது.

பிராக்கெட்டையும் சொல்லியாக வேண்டும். 25 சென்டிமீட்டர் அகல ஷெல்ஃபில் பிராக்கெட்டுக்குப் பத்து கிலோ வீதம் ஏறினால், அந்தப் பாரம் சுவரிலிருந்து சராசரியாக 12.5 சென்டிமீட்டர் தள்ளி நின்று அழுத்தும். பிராக்கெட்டின் அடிமுனையிலிருந்து மேல் ஸ்க்ரூ 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அதை வெளியே இழுக்கும் விசை சுமார் எட்டு கிலோதான். அதே ஸ்க்ரூ 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிற குட்டை பிராக்கெட் என்றால் 31 கிலோ! பார்க்க அழகாக இருக்கிறது என்று குட்டை பிராக்கெட்டை வாங்கிவிட்டு பிளக்கைத் திட்டாதீர்கள்.

இப்போது ஹாலோ பிளாக். வயிறு எரிவது இங்கேதான். இன்றைக்கு எழும்புகிற வீடுகளில் எத்தனையில் நாலு இன்ச் ஹாலோ பிளாக்கில் உள்சுவர் இருக்கிறது! அந்த பிளாக்கின் ஓடு 25 முதல் 35 மில்லிமீட்டர்தான், நடுவில் வெற்றிடம். இதில் முதல் குற்றம் டிரில்லைச் சுத்தியல் குறியில் வைப்பது. வெளியே ஓட்டை அழகாக 8 மில்லிமீட்டர் இருக்கும். உள்பக்கம் ஓடு புனல் மாதிரி உடைந்து சிதறியிருக்கும், உங்களுக்குத் தெரியாது. 30 மில்லிமீட்டர் ஓட்டில் பாதி போய்விட்டது, மீதியில் பிளக் எதைப் பிடிக்கும்? சுத்தியலை அணைத்துவிட்டு, கூர்மையான பிட்டால் சும்மா சுழற்றியே துளையிடுங்கள். நேரம் ஆகும். ஆகட்டும்.

இரண்டாவது குற்றம், செங்கல் பிளக்கையே இங்கேயும் போடுவது. செங்கல்லில் சொன்ன மாதிரி பூச்சைத் தாண்டித் தட்டினால் பிளக் பாதிக்கு மேல் வெற்றிடத்தில் தொங்கும், இல்லாவிட்டால் உள்ளேயே விழுந்துவிடும். ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே மாட்டேன் என்கிறது என்றால் பிளக்கும் கூடவே சுற்றுகிறது என்று அர்த்தம். உடனே தீக்குச்சி, மூங்கில் சிம்பு, வெள்ளை சிமென்ட் என்று வைத்தியம் ஆரம்பிக்கிறது. வெள்ளை சிமென்ட் அந்த ஓட்டையை அடைக்காது ஐயா, வெற்றிடத்தின் அடியில் போய் விழும்! தீக்குச்சி அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும், பாரம் ஏற ஏற நசுங்கி வழிவிடும்.

இங்கே தேவை, ஓட்டின் பின்பக்கம் போய் முடிச்சு விழுகிற நைலான் பிளக். கடையில் யுனிவர்சல் பிளக் என்று கேட்டால் கொடுப்பார்கள். காலரோடு, பிளாக்கின் ஓட்டைத் தாண்டும் நீளத்தில், 8 தடிமனுக்கு 50 நீளமாவது இருக்க வேண்டும். பூச்சு 12, ஓடு 30 என்றால் 42 போய் மிச்சமிருக்கும் எட்டுதான் பின்னால் முடிச்சாகும், ஆகவே 60 கிடைத்தால் இன்னும் நல்லது. இதற்கு ஸ்க்ரூ தலைவரை மரை உள்ளதாக இருக்கட்டும். மரையில்லாத தண்டு பிளக்குக்குள் போனால் முடிச்சை இழுக்காது. திருகும்போது திடீரென்று கை கனக்கும். அதுதான் முடிச்சு விழுந்த அடையாளம், அங்கேயே நிறுத்துங்கள். பேட்டரி டிரில்லால் "இன்னும் ஒரு சுத்து" என்று போனால் முடிச்சு கிழிந்துவிடும்.

புத்தகம், மிக்ஸி மாதிரி கனமான சமாச்சாரம் என்றால் இதுவும் போதாது. வலைக்குழாய் செருகி, உள்ளே கெமிக்கல் ஆங்கர் பசையை நிரப்பி, மரையுள்ள தண்டைச் சொருக வேண்டும். வலையின் கண்கள் வழியாகப் பசை பிதுங்கி வெற்றிடத்தில் கட்டியாகி, ஓட்டின் பின்னால் ஆப்பு மாதிரி நிற்கும். டியூபில் எழுதியிருக்கும் காயும் நேரத்துக்கு முன்னால் அதைத் தொடக்கூடாது. நாலு இன்ச் சுவரானால் இன்னொரு வழி: சுவரையே துளைத்து போல்ட் போட்டு, அந்தப் பக்கம் ஒரு தகடு வைத்து நட்டால் இறுக்குவது. அழகாக இருக்காது. விழவும் விழாது.

இதையெல்லாம் விட்டுவிட்டு "ஸ்ட்ராங்கா இருக்கட்டும் சார்" என்று இரும்பு ஆங்கர் போல்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். அது கான்கிரீட்டுக்கானது. அது விரியும் வேகத்தில் ஹாலோ பிளாக்கின் ஓடு பிளந்துவிடும், செங்கல்லும் ஓரத்தில் விரிசல் விடும்.

கான்கிரீட்டில் பிரச்சினை வேறு. பிடிமானத்துக்குக் குறைவே இல்லை. சாதாரண டிரில் 20 மில்லிமீட்டரில் மூச்சு வாங்கும், உடனே பிளக்கைப் பாதியில் வெட்டிச் செருகிவிடுவார்கள். வாடகைக்காவது ஒரு ரோட்டரி ஹேமரை எடுத்து ஆழத்தை முழுசாக முடியுங்கள். 6 பிளக்கே இங்கே ஷெல்ஃபுக்குப் போதும். தூணில் நாலு சென்டிமீட்டர் வாக்கில் பிட் கிறீச்சிட்டு நின்றால் அது கம்பி. அதோடு மல்லுக்கட்டாமல் ஓட்டையைத் தள்ளிப் போடுங்கள்.

ஜிப்சம் போர்டு 12.5 மில்லிமீட்டர்தான். அதில் சாதாரண பிளக் போடுவது அப்பளத்தில் ஆணி அடிப்பது. காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால் போர்டை நிறுத்திய ஸ்க்ரூ தலைகளில் ஒட்டும். அந்த நேர்கோட்டில்தான் உள்ளே தகரச் சட்டம் ஓடுகிறது, பெரும்பாலும் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. பிராக்கெட்டை அதில் மாட்டுங்கள். சட்டம் கிடைக்காத இடத்தில், பின்னால் குடை மாதிரி விரியும் உலோக ஆங்கர், அதுவும் லேசான சாமானுக்கு மட்டும். போர்டு மூடும் முன்பே உள்ளே பிளைவுட் வைக்கச் சொல்லியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. யார் கேட்கிறார்கள்?

கடைசியாக அந்தக் கருப்பு ஸ்க்ரூ. அது ஜிப்சம் போர்டைத் தகரத்தில் பிடிக்கப் பிறந்தது. மூன்றரை மில்லிமீட்டர் தடிமன், கடினமாக்கிய எஃகு, வளையாது, 'டக்' என்று ஒடியும். 8 பிளக்கை அதனால் விரிக்கவும் முடியாது. அதைத்தான் ஷெல்ஃபுக்கும் கர்ட்டன் ராடுக்கும் கீசருக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆர்தர் ஃபிஷர் 1958-லேயே ஜெர்மனியில் நைலான் பிளக்கைக் கொண்டுவந்துவிட்டார். நம் ஊரில் இன்னும் பக்கெட்டில் கொட்டிவைத்த மறுசுழற்சி பிளாஸ்டிக்கைத்தான் ஒரு கைப்பிடி அள்ளிக்கொடுக்கிறார்கள். வாங்கும்போது ஒன்றை இரண்டாக மடக்கிப் பாருங்கள். நைலான் மடங்கித் திரும்பி நிமிரும். மற்றது வெளுத்துப்போய் ஒடியும், அதைக் கடைக்காரர் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.