அந்த 11 எதைக் குறிக்கிறது?

"213 ஆய்வுகள், 2.7 லட்சம் மாணவர்கள். சமூக, உணர்வுக் கல்வி கொடுத்தால் மதிப்பெண் 11 சதவீதம் கூடும் என்று நிரூபணமாகிவிட்டது."

உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் பள்ளியில் சொல்லித்தரும் கல்வி பற்றி இப்படிப் பகிர்பவர்கள், 2011-இல் வந்த அமெரிக்க உளவியலாளர் டர்லக் குழுவின் தொகுப்பாய்வைத்தான், அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதைத்தான் சொல்கிறார்கள். அந்த 11, மதிப்பெண் அல்ல, தரவரிசை இடம். நூறு பேரைக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து வரிசையில் நிறுத்தினால் நடுவில் 50-ஆம் இடத்தில் இருப்பவர் சராசரியாக 61-க்கு முன்னேறுவார் என்பதே பொருள். அதுவும் 213 ஆய்வுகளிலிருந்து வந்ததல்ல. படிப்பை அளந்தவை சுமார் 35 மட்டுமே. மொத்தத்திலும், பயிற்சி பெறுவோர் யார், பெறாதோர் யார் என்று குலுக்கல் முறையில் பிரித்தவை பாதிக்கும் குறைவு.

அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கக் கல்வித் துறை 84 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, இத்தகைய ஏழு திட்டங்களை மூன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை பின்தொடர்ந்து முடிவை வெளியிட்டது. நடத்தை, படிப்பு, பள்ளிச் சூழல் எதிலும் சராசரியாக முன்னேற்றம் இல்லை. இதை யாரும் பகிர்வதில்லை!

ஆனால் இதை வைத்து இந்தக் கல்வி "எல்லாம் வெத்து" என்றால் அதுவும் பாதிதான் சரி. அந்த ஆய்வில் திட்டம் தரப்படாத ஒப்பீட்டுப் பள்ளிகளும் இதே மாதிரி வேலைகளை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தன. அதனால் வித்தியாசம் சுருங்கியிருக்கலாம்.

ஓர் ஆய்வைப் பார்த்தால் முதலில் மதிப்பிட்டவர் யார் என்று கேளுங்கள். பாடம் நடத்திய ஆசிரியரே "குழந்தை அமைதியாகிவிட்டது" என்று படிவம் நிரப்பினால், அவர் உழைப்புக்கு அவரே மார்க் போடுகிறார். எந்த வகுப்புக்குப் பயிற்சி தரப்பட்டது என்று அறியாத பார்வையாளர் பதிவு செய்தது வேறு ரகம். மதிப்பெண் பற்றிய வாதத்துக்குப் பொதுத்தேர்வு முடிவு வேண்டும்.